போட்டோவுல தொப்பி மாட்டுறது: டிராப் ஷேடோவா, பிரஷ்ஷா, கர்வ்ஸா?

சித்தி பையன் மொட்டைமாடியில சாயங்காலம் நாலு மணி வெயில்ல எடுத்த போட்டோ ஒண்ண அனுப்பி, "அண்ணா இதுல ஒரு கேப் மாட்டி விடு"ன்னான். தொப்பிய வெட்டி தலைமேல வைக்க அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, ஆனா பாத்தா ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரியே இருக்கு, ஏன்னா நெத்தியில நிழல் இல்ல, முடி தொப்பிக்குள்ள போகாம சுத்தி பிதுங்கிட்டு நிக்குது. சரின்னு போட்டோஷாப்ல நிழலுக்கு மூணு வழியையும் ஒரே படத்துல போட்டுப் பாத்தேன்.

முதல்ல டிராப் ஷேடோ. ஒரு கிளிக்ல வந்துரும், ஆனா அது தொப்பியோட உருவத்தையே கொஞ்சம் தள்ளி வைக்கிற வேலை, அவ்ளோதான். நெத்தி வளைவா இருக்குன்னு அதுக்குத் தெரியாது, பின்னாடி இருக்குற சுவத்து மேலயும் சேத்து நிழல் விழும். Layer > Layer Style > Create Layer குடுத்து தனி லேயராக்கி, வார்ப்ல வளைச்சு, மிச்சத்த அழிச்சா ஒப்பேத்தலாம். அவ்ளோ பண்றதுக்கு கையாலயே வரைஞ்சுரலாம்.

ரெண்டாவது, எல்லாரும் பண்றது: கருப்பு சாஃப்ட் பிரஷ், மல்டிப்ளை மோட். இதுல ஒரு விஷயம், சுத்தக் கருப்புக்கு மல்டிப்ளை போட்டாலும் நார்மல் போட்டாலும் ரிசல்ட் ஒண்ணுதான். நெத்தி சாம்பல் பூசின மாதிரி ஆகுறது அதனாலதான். அப்போ என்ன கலர்ல நிழல் வேணும்? பதில் அதே முகத்துலயே இருக்கு, மூக்குக்குக் கீழ விழுந்திருக்குற நிழல்! ஐட்ராப்பர வச்சுப் பாத்தேன், வெயில் படுற நெத்தி 205, 155, 130 (சிவப்பு, பச்சை, நீலம் அந்த வரிசையில), மூக்கு நிழல் 110, 70, 60. சிவப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்குது, மத்த ரெண்டும் பாதிக்குக் கீழ போயிருச்சு. 50% கருப்பு போட்டா மூணுமே சரிபாதியாகும், அங்கதான் தோல் உயிரில்லாம போகுது. இந்தக் கணக்குல மல்டிப்ளைக்கு 137, 115, 118ன்னு ஒரு மங்கலான ரோஸ் கலர் 100%ல வேணும். போட்டுப் பாத்தேன், கலர் நல்லாவே பொருந்துச்சு. ஆனா நெத்தியில ஏற்கனவே வெயில் பட்டு மினுங்குன இடம் நிழலுக்குள்ளயும் வெளிறிப்போன திட்டா தெரியுது. தொப்பி நிழல்ல அந்த மினுக்கு எப்படி வரும்?

மூணாவது கர்வ்ஸ் லேயர், மாஸ்க்கோட. சிவப்பு சேனல்ல 205 இருக்குற இடத்த 110க்கு இறக்கு, பச்சையில 155ஐ 70க்கு, நீலத்துல 130ஐ 60க்கு. இங்க ஒரு பொறி இருக்கு, இத மட்டும் பண்ணிட்டு விட்டா மேல்முனை 255லயே நிக்கும், மினுக்கு முன்னவிட பளிச்சுன்னு அடிக்கும். மேல்முனையையும் இறக்கணும், நான் சிவப்புல 120 வச்சேன், மத்த ரெண்டுலயும் அதே மாதிரி புள்ளிக்குக் கொஞ்சம் மேல. மினுக்கு சப்புன்னு அடங்கிருச்சு. எனக்கு இதுதான் ஜெயிச்சது, பிறகு எப்ப வேணா மாத்திக்கவும் முடியுது.

மாஸ்க் ஓரம் எவ்ளோ மங்கலா இருக்கணும்ங்கறதுக்கும் மூக்கு நிழலயே பாருங்க. நேர் வெயில்ல அது கூர்மையா இருக்கும், அதனால தொப்பி நிழலுக்கும் மூணு நாலு பிக்ஸல் ஃபெதர் போதும். ஜன்னல் வெளிச்சம், சாஃப்ட்பாக்ஸ்னா நிறைய மங்கணும். நிழல் கண்ணு வரைக்கும் இறங்குச்சுன்னா கண்ணுல இருக்குற வெள்ளப் புள்ளியையும் குறைக்கணும்.

இப்ப முடி. லிக்விஃபைல உள்ள தள்ளுறது ஒரு வழி, பின்னணிய கிளீன் பண்ணிட்டு மறுபடி முடிய கொண்டு வர்றது இன்னொரு வழி. லிக்விஃபை வேகம், ஆனா அவனுக்குப் பின்னாடி கிரில் கம்பி இருந்துச்சு, முடியோட சேந்து கம்பியும் வளைஞ்சுருச்சு. வெறும் வானம்னா அதுவே போதும். நான் ரெண்டாவதுக்கு மாறுனேன்: லேயர டூப்ளிகேட் பண்ணி, தொப்பிக்கு வெளிய நீட்டிட்டு இருக்குற முடிய எல்லாம் குளோன் ஸ்டாம்ப்ல அழிச்சு கம்பிய நீட்டி விட்டு, அப்புறம் காதுக்கு மேல இருக்குற முடிய மட்டும் பழைய லேயர்லேர்ந்து மாஸ்க்ல திருப்பி எடுத்தேன். அரை மணி நேரம் கூட ஆச்சு. முடி பொசுபொசுன்னு இருக்கேன்னு தொப்பிய பெருசாக்கிராதீங்க, தொப்பி உக்கார்றது மண்டையோட்டு மேல, முடி மேல இல்ல. பெருசாக்குனா பூசணிக்கா மண்டைதான்.

கடைசியா, தொப்பி ஓரம் முடிய தொடுற இடத்துல மெல்லிசா ஒரு இருட்டுக் கோடு, அதுக்கு அடியிலேர்ந்து ரெண்டு பிக்ஸல் பிரஷ்ல நாலஞ்சு இழை வெளிய வர்ற மாதிரி வரைஞ்சேன். அனுப்பினதுக்கு அவன் கேட்ட ஒரே கேள்வி, தொப்பியில எழுத்து ஏன் இடவலமா மாறி இருக்குன்னு. வெளிச்சம் இடப்பக்கம் வரணும்னு தொப்பிய ஃப்ளிப் பண்ணினேன், எழுத்து கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பிருச்சு, அத மறந்தே போயிட்டேன்.