போன் கிடைத்தது, உள்ளே ஒன்றும் இல்லை

புதுப் போன் வாங்கியிருக்கும் சித்தப்பா மகன் நேற்றுக் கேட்டான்: "அண்ணே, தொலைந்துபோனால் கண்டுபிடிக்கிற வசதி உள்ளேயே இருக்கிறதாமே, அதை நம்பலாமா?" ஆண்ட்ராய்டு போனில் அந்த வசதியை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

வீட்டுக்குள் தேடுவதற்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சைலன்ட்டில் போட்ட போனாக இருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அலறும். ஒருமுறை துவைக்கப் போட்ட துணிக்கூடைக்குள்ளிருந்து அலறியது. ஊறவைக்க இன்னும் இரண்டு நிமிடம்தான் இருந்தது. அன்றைக்கு அதற்குக் கோயில் கட்டியிருப்பேன்.

போன ஜூன் மாதம் மதுரையிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் ஏறி உசிலம்பட்டியில் இறங்கினேன். போன் இறங்கவில்லை. மச்சான் வீட்டுக்குப் போய்த்தான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். உடனே அவர் போனில் android.com/find பக்கத்தைத் திறந்து என் கணக்கில் நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் சரி. ஆனால், நான்தானா என்று உறுதிசெய்ய ஓர் எண்ணை அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எங்கே அனுப்பியது? பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் அதே போனுக்கு. திருடனிடமிருந்து என் கணக்கைக் காக்கும் பூட்டுதான் அது, குறை சொல்லக் கூடாது. ஆனாலும் இருபது நிமிடம் அந்தப் பூட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தவன் நான்தான். இதற்கென்றே எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். எடுத்திருந்தேன், போனிலேயே படமாக!

அப்புறம்தான் வீட்டிலிருக்கும் டேப்லெட்டில் என் கணக்கு திறந்தே இருப்பது நினைவுக்கு வந்தது. மகளைக் கூப்பிட்டேன். "அப்பா, ஆண்டிபட்டிக்குக் கிட்டே இருக்கிறது. ஆனால் ஆறு நிமிடத்துக்கு முந்தைய இடம் என்று போட்டிருக்கிறது" என்றாள். அந்தப் புள்ளி அதற்குப் பிறகு நகரவே இல்லை. காரணம், எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான் மகளை அழைப்பதற்கு முன்பே, மச்சான் நல்ல எண்ணத்தில் இன்னொரு போனிலிருந்து வாடிக்கையாளர் சேவையை அழைத்து என் சிம்மை முடக்கச் சொல்லியிருந்தார். சிம் செத்தால் இணையம் சாகும். இணையம் செத்தால் போன் தன் இடத்தைப் பெரும்பாலும் சொல்லாது, நாம் சொல்வதும் அதற்குக் கேட்காது. பூட்டுத்திரையில் "இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று மச்சான் எண்ணோடு ஒரு வரி போடச் சொல்லி மகள் அனுப்பிய கட்டளையும் போய்ச் சேரவில்லை. சிம்மை அப்படியே விட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி யார் கைக்காவது போகும் என்ற பயமும் நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வரி திரையில் ஏறும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

மாலையே நகல் சிம் வாங்கிவிட்டேன். ஓடிபி வராது என்றார்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வரவும் போகவும் கூடாது என்பது 2022-இல் வந்த தொலைத்தொடர்புத் துறை உத்தரவு. இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல், டேப்லெட்டை எடுத்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை அழுத்தினேன். போன் இணையத்துக்கு வந்ததும் அழிக்கப்படும் என்று காட்டியது. வங்கிச் செயலியை நினைத்து நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் தேனி பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர் அறையில் விசாரித்தால், மேசை இழுப்பறையிலிருந்து என் போனை எடுத்து நீட்டினார். நடத்துநர் முதல் நடையிலேயே ஒப்படைத்துவிட்டாராம். "யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்தோம், அழைப்பே வரவில்லை" என்றார். எப்படி வரும்? ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. கும்பிட்டு வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றபடியே புதுச் சிம்மைப் போட்டு, பூட்டைத் திறந்து டேட்டாவைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரை கறுத்தது. போன் தானாக அணைந்து எழுந்து, "வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுங்கள்" என்றது. அதற்குப் பிறகு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. நேற்று இரவு நான் இட்ட கட்டளையைச் சொன்னது சொன்னபடி நிறைவேற்றியிருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு எடுத்த படங்களை வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை. அம்மாவின் எண்பதாம் பிறந்தநாள் மார்ச்சில்.

வசதியில் பிழை என்று காட்ட எனக்கு ஒன்றுமில்லை. ஒலித்தது, இடம் காட்டியது, அழித்தது. இருந்தும் அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே இன்றும் எரிச்சல் வருகிறது. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். சித்தப்பா மகனுக்கு, அதை அணைக்காதே என்றுதான் பதில் அனுப்பியிருக்கிறேன். கூடவே, மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள் என்றும், மச்சானைப் பக்கத்தில் உட்கார வைக்காதே என்றும்.