மாணவர் பதிவேடுகள்: கூகுள் டிரைவ் மட்டும் போதுமா, தனி ஹார்ட் டிஸ்க்கும் வேண்டுமா?

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகக் கணினியில் உள்ள கோப்புகள் எல்லாம் தாமாகவே கூகுள் டிரைவில் சேர்ந்துவிடுகின்றனவே, ஆண்டுக்கொரு முறை தனி நகல் எடுத்து வைப்பது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வெவ்வேறு ஆபத்துகளுக்கு எதிரானவை என்பதே என் பதில்.

டிரைவின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினி பழுதானாலும் திருடுபோனாலும் கோப்புகள் தப்பிவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் நம் அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கால் பயனில்லை, டிரைவே காப்பாற்றும்.

ஆனால் டிரைவ் செய்வது ஒத்திசைவு. கணினியில் கோப்பு மாறினால் அங்கும் மாறும். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பட்டியலை அகர வரிசைப்படுத்த ஒருவர் எக்செல்லில் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுக்கிறார். மற்ற பத்திகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கிறது. அவசரத்தில் Continue with the current selection என்பதை அழுத்திவிடுகிறார். பெயர்கள் இடம் மாறுகின்றன, பிறந்த தேதிகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. சில நிமிடங்களில் டிரைவிலும் அதே நிலை.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். மாணவர் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஒரு கட்டமும் காலியாக இருக்காது, எல்லாத் தேதிகளும் அந்த வயதுக்குப் பொருந்தும். ஜூலையில் நடந்தது, அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பெற்றோர் சரிபார்க்கும்போதுதான் வெளிப்படும். டிரைவில் ஏற்றிய எக்செல் கோப்பின் பழைய வடிவங்கள் வழக்கமாக 30 நாட்கள்தான் இருக்கும். குப்பைத் தொட்டிக்குப் போன கோப்புக்கும் அதே 30 நாட்கள்தான். அதற்குள் கண்ணில் படாத தவறுக்கு டிரைவில் மருந்தில்லை.

கணினியிலிருந்து கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கில், தவறு நடப்பதற்கு முந்தைய மே மாதப் பட்டியல் அப்படியே இருக்கும். சேர்க்கை எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். அது இல்லையென்றால் காகிதச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, மாணவர் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு காரணம் வகுப்பு உயர்வு. ஜூன் தொடக்கத்தில் நம் மென்பொருளில் அதை இயக்கியதும் பழைய வகுப்பும் பிரிவும் அழிந்து புதியவை வந்துவிடுகின்றன. முன்னாள் மாணவர் ஒருவர் எந்த ஆண்டு எந்த வகுப்பில் படித்தார் என்று சான்று கேட்டால், அந்தந்த ஆண்டின் உறைந்த நகல்தான் பதில் தரும். ஆகவே ஆண்டுத் தேர்வு முடிவு வெளியான பிறகும் வகுப்பு உயர்வுக்கு முன்பும் உள்ள அந்தச் சில நாட்களில்தான் நகல் எடுக்க வேண்டும்.

எமிஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது மாணவர் விவரங்களுக்கான பள்ளிக் கல்வித் துறையின் தளம். நம் அலுவலகக் கோப்புகளை அதிலிருந்து அப்படியே மீட்டெடுக்க முடியாது.

ஹார்ட் டிஸ்க்கிலும் குறைகள் உண்டு. கீழே விழுந்தால் போய்விடும், கைமாறினால் குழந்தைகளின் முகவரியும் ஆதார் எண்ணும் வெளியே போய்விடும். அதனால் இரண்டு டிஸ்க்குகள் வாங்கி, ஒன்றை நம் இரும்பு அலமாரியிலும் மற்றதைத் தாளாளர் அலுவலகத்திலும் வைக்கலாம். இரண்டையும் பிட்லாக்கரால் பூட்டி, கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பென் டிரைவ் வேண்டாம். மின்சாரம் இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்தால் அதில் பதிந்தவை மங்கிப்போகலாம்.

நகல் இருந்தும் படிக்க முடியாமல் போவதுண்டு. வானவில் எழுத்துருவில் தட்டிய நம் பழைய பட்டியல்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். எக்செல்லில் சேமிக்கும்போதும் CSV UTF-8 என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண CSV என்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். நகல் எடுத்த அன்றே வேறொரு கணினியில் திறந்து, வகுப்புக்கு ஐந்து மாணவரின் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம்பலாம்.

டிரைவை நிறுத்தச் சொல்லவில்லை; அன்றாடப் பாதுகாப்புக்கு அது தொடரட்டும். இரண்டு டிஸ்க்குகள் வாங்க அனுமதியும், வகுப்பு உயர்வுக்கு முன் நகல் எடுக்க ஒரு நாளும், ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட அலுவலகத்திலிருந்து ஒருவரும் வேண்டும். நாளைக் குறித்துத் தந்தால் மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியர்