ஒரே 50,000 ரூபாய்: தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள், பயிற்சித் தாளில் ஒரு கணக்கைப் படம் எடுத்து, "மாமா, எனக்கு 960 வருது, விடையில 985.60னு போட்டிருக்கு, எது சரி?" என்று கேட்டிருந்தாள். கணக்கு இதுதான்: 50,000 ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் 3 ஆண்டுகளுக்குப் போட்டால், ஆண்டுக்கொருமுறை கூட்டும் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? கொடுத்திருந்த விடைகள் 320, 665.60, 960, 985.60.

அதே வாரம்தான் என் வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்து, அதை எப்படிப் புதுப்பிப்பது என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் அவளுக்குச் சூத்திரத்தை எழுதி அனுப்பாமல் ஒரு தாளை எடுத்து ஆண்டுவாரியாகப் போட்டேன்.

| ஆண்டு | தனிவட்டி | கூட்டுவட்டி | அந்த ஆண்டின் வித்தியாசம் |
|---|---|---|---|
| 1 | 4,000 | 4,000 | 0 |
| 2 | 4,000 | 4,320 | 320 |
| 3 | 4,000 | 4,665.60 | 665.60 |

கூட்டினால் தனிவட்டி 12,000, கூட்டுவட்டி 12,985.60, வித்தியாசம் 985.60. தனிவட்டியில் ஒவ்வோர் ஆண்டும் 50,000க்கு மட்டும்தான் வட்டி. கூட்டுவட்டியில் இரண்டாம் ஆண்டு 54,000க்கும், மூன்றாம் ஆண்டு 58,320க்கும் வட்டி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இதில் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் அந்த 985.60 எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. முதல் ஆண்டு வட்டி 4,000க்கு இரண்டாம் ஆண்டில் 320 கிடைக்கிறது, மூன்றாம் ஆண்டில் இன்னொரு 320. இரண்டாம் ஆண்டில் அசலுக்கு வந்த 4,000க்கும் மூன்றாம் ஆண்டில் ஒரு 320. ஆக மூன்று 320, மொத்தம் 960. அப்புறம் முதல் 320 இருக்கிறதே, அதுவும் சும்மா இருக்காது, மூன்றாம் ஆண்டில் அதற்கு 8 சதவீதமாக 25.60 வரும். அக்கா மகள் விட்டது இந்த 25.60ஐத்தான். வட்டிக்கு வட்டி போட்டாள், வட்டியின் வட்டிக்கு வட்டி போட மறந்துவிட்டாள்.

இப்படிப் பார்த்தால் மற்ற விடைகளும் ஏன் அங்கே இருக்கின்றன என்று புரிகிறது. 320 என்பது இரண்டு ஆண்டோடு நிறுத்தியவருக்கு. 665.60 என்பது 'மூன்றாம் ஆண்டில்' என்று படித்தவருக்கு. படத்தில் 'மூன்று ஆண்டுகளில்' என்ற இடம் மடிப்பில் மங்கிப்போய் இருந்தது, அதனால் நானே முதலில் தடுமாறினேன். அட்டவணை கையில் இருந்தால் இரண்டுக்கும் விடை அதிலேயே இருக்கும். சூத்திரத்தில் போட்டால் `P × (r/100)² × (3 + r/100)`, அதுவும் 985.60தான் தரும், வேகமாகவும் தரும், ஆனால் மூன்று ஆண்டுக்கு மட்டும்தான். காலம் மாறினாலோ நடுவில் வட்டி வீதம் மாறினாலோ அது உதவாது. தேர்வு அறையில் நேரம் இல்லை என்பவர்களை நான் மறுக்க மாட்டேன், நான் அப்படித் தேர்வு எழுதி வெகுநாள் ஆகிறது.

சரி, இப்போது என் வைப்புத்தொகைக்கு வருகிறேன். வங்கியில் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட இதேதான்: வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் போடவா, இல்லை அசலோடு சேர்த்து முதிர்வில் மொத்தமாகத் தரவா? முதலாவது தனிவட்டி மாதிரி, இரண்டாவது கூட்டுவட்டி. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

எனக்குக் கிடைத்த வீதம் இதைவிடக் குறைவு, ஆனால் ஒப்பிட வசதியாக அதே 50,000, அதே 8 சதவீதம், அதே 3 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நம் வங்கிகள் வைப்புக்கு வழக்கமாகக் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுகின்றன, அதாவது மூன்று மாதத்துக்கு 2 சதவீதம், மொத்தம் 12 தடவை. அதனால் பயிற்சித் தாளில் வந்தது போல முதல் ஆண்டு சமமாக இருக்காது, முதல் ஆண்டிலேயே 4,121.61 வந்துவிடும். மூன்று ஆண்டு முடிவில் வட்டி 13,412. காலாண்டுக்கு ஒருமுறை வாங்கினால் 1,000 வீதம் 12 தடவை, 12,000. வித்தியாசம் 1,412.

இந்த இடத்தில் பயிற்சித் தாள் சொல்லாத ஒன்று இருக்கிறது, எனக்கு முடிவைத் தந்ததும் அதுதான். தனிவட்டிப் பக்கத்தில் எழுதும் 12,000, வாங்கிய வட்டி எங்கேயும் எதுவும் சம்பாதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அந்த 1,000 சேமிப்புக் கணக்கில் விழுகிறது. சேமிப்புக் கணக்குக்கு 3 சதவீதம் என்று வைத்து, அதையும் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டினால், 12 தவணையும் சேர்ந்து சுமார் 12,507 ஆகும். அப்போது உண்மையான வித்தியாசம் 1,412 இல்லை, 905 ரூபாய்தான். அதே 1,000ஐ ஒவ்வொரு தடவையும் அதே 8 சதவீதத்துக்கு மறுபடி போட முடிந்தால் வித்தியாசமே இருக்காது, இரண்டும் ஒரே 13,412தான். ஆகவே தனிவட்டியா கூட்டுவட்டியா என்பதைவிட, கைக்கு வந்த வட்டி அப்புறம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் அது சேமிப்புக் கணக்கில் தங்கியதே இல்லை. போன தடவை காலாண்டு வட்டி வாங்கினேன், கேஸ் சிலிண்டருக்கும் பால் பாக்கிக்கும் போய்விட்டது, மூன்று ஆண்டு முடிவில் அசல் 50,000 மட்டும் அப்படியே நின்றது. அந்தத் தாளில் உள்ள தனிவட்டிப் பக்கம்கூட எனக்குப் பலிக்கவில்லை.

மூன்று ஆண்டில் 985 ரூபாய் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆண்டுக்கொருமுறை கூட்டும் அதே கணக்கை நீட்டினால் ஐந்து ஆண்டில் வித்தியாசம் 3,466, பத்து ஆண்டில் 17,946. காலம் மூன்று மடங்குக்குச் சற்றுக் கூட, வித்தியாசம் பதினெட்டு மடங்கு. ஆனால் பத்து ஆண்டு நான் எதையும் தொடாமல் வைத்ததில்லை, இடையில் உடைத்தால் குறைந்த வீதமும் அபராதமும் வரும், அதனால் அந்த 17,946ஐ என் அனுபவமாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, முதிர்வில் வாங்கினாலும் வருமான வரிக்கு அந்தந்த ஆண்டு சேர்ந்த வட்டி கணக்கில் வரும். மொத்த வட்டி வரம்பைத் தாண்டி வங்கி வரி பிடித்தால், பிடித்த தொகைக்கு அதற்கப்புறம் வட்டி ஏறாது, அதனால் முதிர்வில் வருவது அட்டவணையைவிடக் குறையும்.

அம்மாவின் வைப்பை மட்டும் மாத வட்டியிலேயே விட்டிருக்கிறோம். அவருக்கு மாத்திரைக்கு மாதாமாதம் பணம் வேண்டும், முதிர்வு வரை காத்திருக்க முடியாது. அங்கே கவனிக்க வேண்டியது, காலாண்டுக்கு 1,000 என்றால் மாதத்துக்கு 333 வராது, முன்கூட்டியே தருவதற்காகக் கொஞ்சம் கழித்துச் சுமார் 331தான் வரும். அம்மா அந்த இரண்டு ரூபாயை ஒரு நாள் கண்டுபிடித்து, வங்கியில் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.