தலைப்புக்கு ஒரு ஃபான்ட், கேப்ஷனுக்கு ஒரு ஃபான்ட்: புள்ளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நான் எடுப்பவை பெரும்பாலும் சமையல், தோட்டம் என்று பேச்சே இல்லாத அமைதியான வீடியோக்கள். சொல்ல வேண்டியதெல்லாம் திரையில் எழுத்தாகத்தான் வரும், அதனால் ஃபான்ட் சரியாக அமையவில்லை என்றால் வீடியோவே பேசாமல் போய்விடும். மூன்று ஜோடிகளை ஓட விட்டுப் பார்த்து, கடைசியில் தலைப்புக்கு Tiro Tamil, கேப்ஷனுக்கு Mukta Malar என்று நிலைத்துவிட்டேன். மற்ற இரண்டு: Noto Serif Tamil உடன் Noto Sans Tamil, அப்புறம் தலைப்பு, கேப்ஷன் இரண்டுக்கும் Catamaran ஒன்றே. எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவை, ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை, வீடியோவில் காசு பார்த்தாலும் தடையில்லை. ஆகவே விலை இங்கே பேச்சே இல்லை.

முதலில் தலைப்பு, ஏனென்றால் அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தலைப்பு பெரிய அளவில், மூன்று நான்கு விநாடி தனியாக நிற்கும். அங்கே எந்த ஃபான்ட்டும் படிக்க முடியாமல் போவதில்லை, தொனி மட்டும்தான் கேள்வி. கேட்டமரன் கோடுகள் எங்கும் ஒரே தடிமனாக ஓடும், பார்க்கச் சுத்தமாக, கொஞ்சம் நவீனமாக இருக்கும். ஒரு ஆப்பின் முகப்புக்கு அது அழகு, ஊறுகாய் ஜாடிக்கு மேலே வைத்தால் அறிவிப்புப் பலகை மாதிரி விறைப்பாகத் தெரிகிறது. நோட்டோ செரிஃபும் டிரோவும் தடித்தும் மெலிந்தும் போகும் கோடுகள் கொண்டவை, பழைய அச்சுப் புத்தகத்தின் நிதானம் இரண்டிலும் உண்டு. டிரோவின் இந்திய எழுத்துருக்கள் முதலில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மூர்த்தி செவ்வியல் நூல்வரிசைக்காக உருவானவை. புத்தகப் பக்கத்துக்காகப் பிறந்த அந்தச் சாயல் திரையிலும் தெரிகிறது. அதில் கனம் ஒன்றுதான், போல்டு கிடையாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு, எனக்கு அது நல்லதாகவே படுகிறது. தலைப்பை அழுத்திக் காட்ட வேண்டும் என்று தோன்றும்போது தடிமனைக் கூட்ட வழியில்லாமல் அளவைக் கூட்டுவோம், சுற்றி இடம் விடுவோம், அமைதி அங்கிருந்துதான் வருகிறது. Arima பற்றிப் பலர் சொல்வார்கள். முனைகள் மழுங்கி, இனிமையாக இருக்கும், ஆனால் அதற்கென்று ஒரு குரல் இருக்கிறது, குழந்தைகள் கதைக்கு எடுப்பேன், இதற்கு வேண்டாம்.

சரி, இனி கேப்ஷன். என் முடிவு முழுக்க இங்கேதான் நடந்தது, அதுவும் ஒரே ஒரு விஷயத்தில்: புள்ளி.

தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி அலங்காரம் இல்லை. "மண் வாசனை" என்று எழுதியதில் புள்ளி கரைந்துவிட்டால் அது "மண வாசனை" ஆகிவிடும். பெரும்பாலான இடங்களில் வாசகர் ஊகித்துப் படித்துவிடுவார் என்பது உண்மைதான், ஆனால் ஊகித்துப் படிப்பது வேலை, வேலை வாங்கும் கேப்ஷன் அமைதியான கேப்ஷன் இல்லை. எத்தனை புள்ளி வரும் என்று சந்தேகம் இருந்தால் இந்த இரண்டு வரிகளை எண்ணிப் பாருங்கள், என் நெல்லிக்காய் வீடியோவில் வருபவை:

நெல்லிக்காயைக் கழுவித் துடைத்து, உப்புப் புரட்டி
வெயிலில் காயவிட்டால்தான் கெட்டுப்போகாது

மேல்வரியில் 8, கீழ்வரியில் 6, ஆக 14 புள்ளிகள். இதைப் படிக்க ஐந்தாறு விநாடிதான் கொடுக்கிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். வீடியோ 1920 பிக்சல் அகலம். பார்ப்பவர் போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் அந்த 1920 பிக்சலும் சுமார் 7 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். கேப்ஷனை 48 பிக்சலில் வைத்தால் போனில் அது 1.75 மில்லிமீட்டர், அச்சுக் கணக்கில் ஏறக்குறைய 5 பாயிண்ட், மருந்து அட்டையின் பின்பக்க எழுத்து மாதிரி. புள்ளி எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், தோராயமாக அளவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 0.17 மில்லிமீட்டர். 64 பிக்சலுக்கு ஏற்றினால் எழுத்து 2.3 மில்லிமீட்டர் ஆகிறது, புள்ளியும் அந்த விகிதத்தில் வளர்கிறது. அதனால் என் அளவு 64, அதற்குக் கீழே இறங்குவதில்லை. எடிட் செய்யும் பெரிய மானிட்டரில் 64 தடித்தனமாகத் தெரியும், அங்கே பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு ஃப்ரேமை மட்டும் படமாக எடுத்துப் போனுக்கு அனுப்பி, நிமிர்த்திப் பிடித்து, கையை நீட்டி வைத்துப் படியுங்கள். எந்தப் புள்ளி முதலில் தொலைகிறது என்று அப்போது தெரியும்.

இந்தச் சோதனையில்தான் முக்தா மலர் முந்தியது. அதில் ஏழு கனங்கள் உண்டு, நான் எடுப்பது மீடியம், அதாவது 500. கோடு ஒரே சீராக இருக்கிறது, எழுத்தின் உள்வெளிகள் திறந்திருக்கின்றன, புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி நிற்கிறது. போல்டு போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது இயல்பு, நடப்பது நேர்மாறு: கோடு தடிக்கத் தடிக்க "ண", "ஞ" போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். லைட் இன்னும் மோசம். அப்லோடு ஆனதும் வீடியோ சுருக்கப்படும்போது மெல்லிய கோடும் சின்னப் புள்ளியும்தான் முதலில் மங்கும். கேட்டமரன் என் கையைவிட்டுப் போனது இந்த இடத்தில்தான். ஒன்பது கனங்கள் இருப்பதால் ஒரே குடும்பத்தில் தலைப்புக்கு மெலிந்தது, கேப்ஷனுக்கு நடுத்தரம் என்று ஜோடி சேர்க்கலாம் என்பது அதன் பலம், ஆனால் அந்த மெலிந்த தலைப்பு மானிட்டரில் காட்டும் அழகைப் போனில் காட்டுவதில்லை. கொஞ்சம் தடித்ததை எடுத்தால் தலைப்பும் கேப்ஷனும் ஒன்றுபோலாகி, எது தலைப்பு என்பதே அளவை வைத்துத்தான் தெரிகிறது.

ஃபான்ட் சரியாக இருந்தும் புள்ளியைக் கொல்லும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, எழுத்தைச் சுற்றிக் கறுப்பு அவுட்லைன். பல மென்பொருள்களில் அந்தக் கோடு எழுத்தின் ஓரத்தில் பாதி வெளியே, பாதி உள்ளே என்று விழும். 64 பிக்சல் எழுத்தில் புள்ளி 6 பிக்சல் என்றால், 4 பிக்சல் அவுட்லைன் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பிக்சலைத் தின்றுவிடும், மிச்சம் 2 பிக்சல். பார்த்தால் மெய்யெல்லாம் உயிர்மெய்யாக நிற்கும். கோடு முழுவதும் வெளிப்பக்கம் விழும்படி வைக்க வழி இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் அவுட்லைனை விட்டுவிட்டு எழுத்துக்குப் பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டை கொடுங்கள். நான் கொடுப்பது பட்டைதான், மெல்லிய நிழல் வெளிச்சமான காட்சியில் கைகொடுப்பதில்லை.

இன்னொன்று, நிற எழுத்து. வழக்கமான வீடியோ சுருக்கத்தில் வெளிச்ச விவரம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக இருக்கும், நிற விவரமோ நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்து மாதிரி, நிறத்தால் மட்டும் பிரிந்து நிற்கும் எழுத்தின் ஓரங்கள் அதனால்தான் குழைந்துபோகின்றன, அத்தனை சின்னப் புள்ளி தாங்காது. வெள்ளையோ லேசான சந்தன நிறமோ போதும், நிற ஆசை இருந்தால் தலைப்பில் காட்டலாம்.

வரி இடைவெளியும் இதே கதைதான். மேலே கொடுத்த இரண்டு வரியில் மேல்வரியின் "ழு", "து", "பு" எல்லாம் கீழே இறங்குகின்றன, கீழ்வரியின் "யி", "லி" கொக்கிகளும் புள்ளிகளும் மேலே ஏறுகின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 மடங்கு இடைவெளியிலேயே விட்டால் மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொண்டு, புள்ளி யாருடையது என்றே தெரியாது. 1.5க்கு ஏற்றினால் மூச்சு விடுகிறது. அதே காரணத்தால் இரண்டு வரிக்கு மேல் கேப்ஷன் வைப்பதில்லை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலத் தலைப்பில் அமைதி தரும், தமிழில் வேண்டாம்: சில மென்பொருள்களில் "கெ"யின் கொம்பு எழுத்தைவிட்டு விலகித் தனியாக நிற்கும்.

நோட்டோ ஜோடியை நான் எடுக்கவில்லை என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. நோட்டோ சான்ஸ் கேப்ஷனாக முக்தாவுக்கு அருகிலேயே நிற்கிறது, போன் சோதனையில் எனக்குத் தெரிந்த வித்தியாசம் கொஞ்சம்தான், வேறொருவர் கண்ணுக்கு அது மாறியும் தெரியலாம். உங்கள் வீடியோவில் தமிழோடு சிங்களமோ மலையாளமோ இந்தியோ கேப்ஷனாக வரும் என்றால் யோசிக்காமல் நோட்டோ எடுங்கள். உலகின் எழுத்துகளையெல்லாம் ஒரே சாயலில் தர வேண்டும் என்றே செய்த குடும்பம் அது, நான்கு மொழியிலும் ஒரே அமைதி கிடைக்கும், என் ஜோடியால் அது முடியாது. தலைப்பில் போல்டு இல்லாமல் சரிப்படாது என்பவர்களுக்கும் நோட்டோ செரிஃப்தான்.

செங்குத்து வீடியோவில் என் அனுபவம் குறைவு. அங்கே போனின் முழு அகலமும் 1080 பிக்சல்தான், அதனால் அதே 64 பிக்சல் போனில் நான்கு மில்லிமீட்டருக்கும் மேலே தெரிகிறது, புள்ளிப் பிரச்சினை ஏறக்குறைய போய்விடுகிறது. பதிலாக "காயவிட்டால்தான்" மாதிரி நீளச் சொற்கள் வரியில் அடங்காமல் படுத்துகின்றன. கொஞ்சம் ஒடுங்கிய வடிவம் வேண்டியிருக்கலாம். Anek Tamil ஃபான்ட்டில் அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடியும், அதை அங்கே பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

எந்த ஜோடி எடுத்தாலும் வேலையைத் தொடங்கும் முன் உங்கள் எடிட்டிங் மென்பொருளில் "கொடி, கௌரி, பூண்டு" என்று அடித்துப் பாருங்கள். கொம்பு "க"வுக்குப் பின்னால் போய் நின்றாலோ, "பூ" இரண்டாகப் பிரிந்து தெரிந்தாலோ தப்பு ஃபான்ட்டில் இல்லை, மென்பொருள் இந்திய எழுத்துகளைச் சேர்த்து அடுக்கவில்லை. பெரும்பாலும் அமைப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு தேர்வு இருக்கும், அதை மாற்றி மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.