பில்லை ஃபேக்டரிங்கில் கொடுப்பதா, ஓடியில் எடுப்பதா: சில வருஷ அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிகளுக்குக் காஸ்டிங் மெஷினிங் செய்து தருகிறோம். வேலை முடிந்து பில் போட்டால் பணம் வர 60 நாள் ஆகிவிடும். அந்த இடைவெளிக்கு ஓடி என்கிற பேங்க் ஓவர்டிராஃப்ட்டையும், பில்லைக் கொடுத்து முன்பணம் வாங்கும் ஃபேக்டரிங்கையும் சில வருஷமாகச் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

ஃபேக்டரிங்காரர் "வட்டி 12 சதவீதம், கட்டணம் 1 சதவீதம்" என்பார். கூட்டினால் 13 என்று தோன்றும். ஆனால் வட்டி ஒரு வருஷத்துக்கு, கட்டணம் ஒரு பில்லுக்கு. அதுவும் முன்பணத்துக்கு இல்லை, முழு பில் தொகைக்கு.

10,00,000 ரூபாய் பில்லை எடுத்துக்கொள்வோம். முன்பணம் 80 சதவீதம், அதாவது 8,00,000. அதற்கு 60 நாள் வட்டி 15,781. கட்டணம் 10,000. இரண்டையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் கையில் வருவது 7,74,219. மீதி 2 லட்சம் பார்ட்டி பணம் கட்டிய பிறகுதான். ஆக 7,74,219 ரூபாயை 60 நாள் வைத்திருக்க 25,781 செலவு.

```
25781 / 774219 * 365 / 60 = 20.3%
```

கட்டணத்துக்கான ஜிஎஸ்டியை இன்புட்டில் எடுத்துவிடலாம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இதே தொகையை 11 சதவீத ஓடியில் 60 நாள் எடுத்தால் வட்டி சுமார் 14,000. ஓடிக்கும் புதுப்பிப்புச் செலவு உண்டு. வருஷத்துக்கு 10,000 கட்டி, சராசரியாக 10 லட்சம் பயன்படுத்தினால் 1 சதவீதம் ஏறி 12 ஆகும். அப்போதும் இடைவெளி பெரிது.

நாள் குறையக் குறைய ஃபேக்டரிங் கசக்கும். கட்டணம் அதே 10,000 தானே. இதே பில் 30 நாளில் முடிவதாக இருந்தால் 27.8 சதவீதம், 90 நாள் என்றால் 17.8. சீக்கிரம் கட்டும் நல்ல பார்ட்டியின் பில்லை அங்கே தள்ளுவதுதான் அதிக நஷ்டம்.

60 நாள் வட்டியைப் பிடித்த பில்லுக்குப் பார்ட்டி 45-ஆம் நாளே கட்டிவிட்டால், மீதி 15 நாள் வட்டி 3,945 ரூபாய் நமக்குத் திரும்ப வர வேண்டும். எனக்கு ஒரு நிறுவனத்தில் அது தானாக வரவில்லை. கணக்கு ஸ்டேட்மென்ட்டில் பணம் வந்த தேதியைக் காட்டிக் கேட்ட பிறகே வரவு வைத்தார்கள். ஒப்பந்தத்தில் ரீகோர்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பார்ட்டி கட்டாத பில் நம் தலையில்தான் விழும். இவ்வளவு கட்டணம் கொடுத்தும் வாராக்கடன் பயம் போகாது.

அப்புறம் ஏன் விடவில்லை? ஓடி லிமிட் இருந்தாலும், சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து பேங்க் கணக்கிடும் டிராயிங் பவர் அளவுக்குத்தான் எடுக்க முடியும். எங்கள் பேங்கில் 90 நாள் தாண்டிய பாக்கியை அதில் சேர்ப்பதில்லை. பெரிய ஆர்டர் வந்து இரும்பு வாங்க வேண்டிய மாதத்தில் ஓடி நிரம்பியிருக்கும். அப்போது 20 சதவீதத்தை அந்த ஆர்டரின் லாபத்தோடுதான் ஒப்பிடுவேன். 10 லட்சம் பில்லில் 25,781 என்பது 2.6 சதவீதம். அதைக் கழித்தும் ஆர்டரில் லாபம் நிற்குமானால், இருப்பதில் நீண்ட தவணை பில்லாகப் பார்த்து அனுப்புகிறேன்.