பிடிஎஃப் கோப்பைச் சில்லுகளாக மாற்றுதல்: கொழிஞ்சாம்பாறையில் மூன்று ஆண்டு அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பறை மடிக்கணினிகளில் லினக்ஸும் லிப்ரெஆபீஸும் இருக்கின்றன. பாடச் சில்லுகளை, அதாவது திரையிடும் ஸ்லைடுகளை, ஒருவருக்கொருவர் பிடிஎஃப் ஆகவே அனுப்புவது எங்கள் வழக்கம் என்பதால், ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமென்றாலும் அதை மீண்டும் சில்லுகளாக மாற்றியாக வேண்டும். மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன்.

முதலில் நான் நம்பியது ஒரே கட்டளையை:

```
soffice --headless --infilter="impress_pdf_import" --convert-to pptx padam.pdf
```

கோப்பு உடனே கிடைத்துவிடும், படங்களும் நிறங்களும் அதனதன் இடத்தில் இருக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் பற்றிய பாடத்தைத் திரையிட்டபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி, "டீச்சர், கடைசி எழுத்தைக் காணோம்" என்றாள். "தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகக் கிழக்கே கடந்து செல்கிறது" என்ற வரியின் முடிவு சில்லின் வலது விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.

காரணம் பிடிஎஃப்பின் இயல்பிலேயே இருக்கிறது. அதில் பொதுவாகப் பத்தி என்ற ஒன்று கிடையாது. எந்த எழுத்துருவில் எந்த வடிவத்தை எந்தப் புள்ளியில் வரைய வேண்டும் என்ற குறிப்புகளே உண்டு. ஆகவே மாற்றும் நிரல் ஒவ்வொரு வரியையும் தனி உரைப்பெட்டியாக்கிவிடுகிறது. அந்த வரி மூல எழுத்துருவின் அகலத்துக்கு அளந்து வைக்கப்பட்டது. மூல எழுத்துரு லதாவாக இருந்து, நம் கணினியில் லதா இல்லாமல், அகலமான வேறொன்று அதன் இடத்தில் அமர்ந்தால், வரி நீள்வதைத் தவிர வேறு வழியில்லை. வரியைச் சொடுக்கி மேலே எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால், கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயர் சாய்வெழுத்தில் இருக்கும். இன்றும் நான் முதலில் தேடும் அறிகுறி அதுதான்.

மாற்றத் தொடங்குமுன் `pdffonts padam.pdf` என்று கொடுத்துப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். எந்தெந்த எழுத்துருக்கள் பயன்பட்டுள்ளன என்பதை அது காட்டும். `uni` என்ற நெடுவரிசையில் `no` என்று வந்தால், ஒரு வரியை நகலெடுத்து வெற்று உரைக்கோப்பில் ஒட்டிப் பார்க்கிறேன். கொம்பு தன் மெய்யெழுத்தை விட்டு விலகி நின்றாலோ, தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தாலோ, பெட்டியைச் சரிசெய்வதில் பயனில்லை. அந்த உரையைத் தட்டச்சு செய்வதே விரைவான வழி.

கணவாய்ப் பாடத்தில் உரை நல்லபடியாக இருந்தது. நான் முதலில் செய்த தவறு, `Shrink on overflow` என்ற தெரிவை எல்லாப் பெட்டிகளுக்கும் கொடுத்ததுதான். வரிகள் உள்ளே அடங்கின. ஆனால் ஒரே பத்தியின் நான்கு வரிகள் நான்கு அளவில் நின்றன, கடைசி வரிசைப் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. அதே கோப்பை விண்டோஸ் கணினி உள்ள பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனபோது, சில பெட்டிகள் மீண்டும் வழிந்தன. எவ்வளவு சுருக்க வேண்டும் என்ற விகிதம் கோப்பில் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. பவர்பாயிண்ட் அதை, உரையைத் தொட்டுத் திருத்தும்போதுதான் புதிதாகக் கணக்கிடுகிறது என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

இப்போது வேறு வழியில் செல்கிறேன். பிடிஎஃப்பை `Draw` செயலியில் திறந்து, ஒரு பத்தியைச் சேர்ந்த வரிப்பெட்டிகளை மட்டும் தேர்ந்து, `Shape` பட்டியில் உள்ள `Consolidate Text` என்பதைச் சொடுக்குகிறேன். வரிகள் ஒரே பெட்டியாகின்றன. 6.4ஆம் பதிப்பில் வந்த இந்த வசதி இல்லையென்றால் நான் இந்த வேலையையே விட்டிருப்பேன். தலைப்பையும் பத்தியையும் சேர்த்துத் தேர்ந்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும் என்பதால் பத்தி பத்தியாகவே செய்ய வேண்டும். சேர்ந்த பிறகு, பழைய வரிமுடிவில் தேவையற்ற முறிவோ, சொல்லின் நடுவே இடைவெளியோ எஞ்சியுள்ளதா என்று ஒருமுறை வாசித்துப் பார்க்கிறேன்.

பிறகு அந்தப் பெட்டியை `Impress` சில்லில் ஒட்டி, கணினியில் உள்ள ஒரு தமிழ் எழுத்துருவை முதலில் கொடுக்கிறேன். அதன் பின்னரே அளவைத் தொடுகிறேன். உரைப் பண்புகளில் `Fit width to text` என்பதை நீக்கி, `Fit height to text` என்பதைத் தேர்ந்தெடுத்தால், வரி விளிம்பில் மடங்கிப் பெட்டி கீழ்நோக்கி மட்டும் வளரும். கணவாய்ச் சில்லில் நான்கு வரிகள் ஐந்தாயின. கீழே இருந்த வரைபடத்தைச் சற்று இறக்கினேன். எழுத்தின் அளவு 24 புள்ளியிலேயே நின்றது.

அட்டவணைகளுக்கு இந்த வழி உதவாது. கோடுகள் தனியாகவும் எண்கள் தனியாகவும் சிதறி வருவதால், புதிய அட்டவணை போட்டு எண்களை மட்டும் எடுத்து நிரப்புகிறேன். வருடி எடுத்த பக்கங்களில் பெரும்பாலும் உரையே இருப்பதில்லை, படம் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட கோப்பு வந்தால், மூலச் சில்லுக்கோப்பு யாரிடமாவது இருக்கிறதா என்றே முதலில் விசாரிக்கிறேன்.