கூலிங் கிளாஸா, கிரகணக் கண்ணாடியா, முகம் பார்க்கும் கண்ணாடியா?

2019 டிசம்பர் 26 காலை, சூரிய கிரகணம். கோவை, திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்த சூரியன் சென்னையில் பிறையாகத்தான் தெரிந்தது. பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடிக்கு அக்கா மகன் கூலிங் கிளாஸோடு வந்தான். "மாமா, இது யூவி 400, பயமில்லை" என்றான். உடனே அவனைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற அந்த முத்திரை பொய்யில்லை. ஆனால் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணின் கார்னியாவும் லென்ஸுமே தடுத்துவிடும். விழித்திரையைக் கெடுப்பது முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்தான், அதிலும் நீலப் பகுதி. கூலிங் கிளாஸ் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கிரகணக் கண்ணாடியோ, ISO 12312-2 தரப்படி, ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விடக்கூடாது. வித்தியாசம் 3000 மடங்கு. ரெண்டு கூலிங் கிளாஸை அடுக்கிப் போட்டாலும் 300 மடங்கு மிச்சம் இருக்கும். சும்மா பார்த்தால் கூசும் கண், கறுப்புக்குப் பின்னால் கூசாமல் நிலைகுத்தி நிற்கும், கண் பாப்பாவும் விரியும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, படிக்கிற எழுத்தின் நடுவில் ஒரு மங்கல் புள்ளி நிற்கும்போதுதான் தெரியவரும்.

"பிறை அளவுதானே மிச்சம்?" என்றும் கேட்டான். மறைந்தது பரப்பு மட்டும்தான். மிஞ்சிய பிறையின் ஒவ்வொரு புள்ளியும் அதே கடுமையோடு எரிகிறது.

நேராகப் பார்க்க ஆசையென்றால் கிரகணக் கண்ணாடிதான் வழி. போட்டதும் வீட்டுக்குள் எதுவும் தெரியக்கூடாது, டியூப்லைட்கூட. கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். பைனாகுலரோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது. வெல்டிங் கண்ணாடியில் 14ஆம் எண் சரி; கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10, 11 போதாது. எக்ஸ்ரே பிலிம், சிடி, புகை பிடித்த கண்ணாடி எதுவும் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் ஒரு பட்டாணி அளவு ஓட்டை போட்டோம். வெயிலில் பிடித்து, பத்து மீட்டர் தள்ளி நிழலில் இருந்த சுவரில் வெளிச்சத்தை விழவைத்தோம். ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குக் கடித்த அப்பளம் மாதிரி சூரியன்! தூரத்தை 110ஆல் வகுத்தால் பிம்பத்தின் அகலம் கிடைக்கும். ஒரு மீட்டரில் அது ஒரு சென்டிமீட்டர்கூட வராது, அதனால் தூரம் முக்கியம். எல்லாரும் பார்ப்பது சுவரைத்தான், பாட்டி உட்பட. கண்ணாடிக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது.

2031 மே 21 கிரகணத்தின் வளையப் பாதை மதுரை வழியே போகிறது, சென்னைக்குப் பிறைதான். அன்று நண்பகலை ஒட்டிச் சூரியன் தலைக்கு மேல் இருக்கும், பால்கனியில் வெயில் விழாது. கண்ணாடியை மொட்டை மாடியில் சாய்த்துப் பிடித்து, படிக்கட்டு அறைக்குள் வெளிச்சத்தை அனுப்ப வேண்டியிருக்கும்.